நான்காவது நிமிடத்தில் மட்டும் சரியாக இருந்த சப்டைட்டில்: தேன்கனிக்கோட்டைத் திரையிடல் ஒன்றின் ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டையில் இயங்கும் வாசகர் வட்டம் ஒன்று, ஆப்பிரிக்காவில் மக்காச்சோளக் காடுகளுக்குள் இறங்கும் யானைகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ஊராருக்குக் காட்ட முடிவு செய்தது. ராகி அறுவடைக் காலத்தில் இரவெல்லாம் பரணில் காவல் இருக்கும் பகுதி என்பதால், படத்தைப் பார்க்க விரும்பியவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். படத்தை எடுத்தவர்களே அதை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ள அனுமதித்திருந்தார்கள். வட்டத்தின் உறுப்பினர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் தம்மிடம் இருந்த டிவிடியைப் பார்த்துப் பார்த்து எழுதிய தமிழ் சப்டைட்டிலும் கைவசம் இருந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது எதுவும் பொருந்தவில்லை. கிருஷ்ணகிரியில் கணினி பழுது பார்க்கும் என்னிடம் அந்த லேப்டாப் வந்தபோது, குறை ஒரே வரியில் சொல்லப்பட்டது: “படமும் சத்தமும் எழுத்தும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டல.”

அந்த ஒரு வரிக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று குறைகள் இருந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு மூன்றும் “தாமதம்” என்றே தெரியும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது. ஆகவே எந்த வரிசையில் பிரித்துப் பார்த்தோம் என்பதற்கே இந்த ஆய்வில் அதிக இடம் தந்திருக்கிறேன்.

பிளேயரைத் தேர்ந்தது

கோப்பு எம்.கே.வி. வகையைச் சேர்ந்தது. எம்.கே.வி., எம்.பி.4 என்பவை வெறும் உறைகள்; உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, ஒலி எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதே ஒரு பிளேயர் அதைத் திறக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தக் கோப்பில் படம் எச்.இ.வி.சி. 10 பிட் முறையிலும், ஒலி ஆறு சேனல் கொண்ட ஈ-ஏசி-3 முறையிலும் இருந்தன. விண்டோஸுடன் வரும் பிளேயர், சுருக்கியதைப் பிரித்தெடுக்கும் நிரலான டிகோடர் எது இயங்குதளத்தில் நிறுவப்பட்டிருக்கிறதோ அதை நம்பியிருப்பது, எச்.இ.வி.சி.க்கான துணை நிரலைத் தனியாக வாங்கவேண்டியிருக்கும். உறுப்பினர்கள் தங்கள் கைபேசியில் பார்த்தபோது படம் ஓடி ஒலி வராமல் போனதற்கும் இதே வகைக் காரணம்தான்: அந்தப் பிளேயரில் ஈ-ஏசி-3க்கான டிகோடர் இல்லை.

இந்த நிலையில் பலர், டிகோடர்களின் மூட்டையான “கோடெக் பேக்” ஒன்றைத் தேடி நிறுவுவார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. அது இயங்குதளத்தின் பொது அமைப்பில் கைவைக்கிறது. பிறகு எந்தப் பிளேயர் எந்த டிகோடரைப் பயன்படுத்துகிறது என்பதையே கண்டுபிடிக்க முடியாமல் போகும். டிகோடர்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பிளேயரை நிறுவுவதே சரியான வழி. வி.எல்.சி. அப்படிப்பட்டது. பாரிசில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாக 1996இல் தொடங்கி, 2001இல் கட்டற்ற உரிமத்தின்கீழ் வெளியான மென்பொருள் அது. இன்றும் இலவசம், விளம்பரம் இல்லை. எம்.பி.வி. என்னும் பிளேயரும் அதே வகைதான். அதில் மெனுக்கள் அநேகமாக இல்லை, எல்லாம் விசைகளாலும் கட்டளைகளாலும் நடக்கும். திரையிடலை நடத்தப்போகிறவர்கள் மெனுவைப் பார்த்து இயக்குபவர்கள் என்பதால் வி.எல்.சி.யை நிறுவினேன், சோதனைக்கு எம்.பி.வி.யை என் பக்கம் வைத்துக்கொண்டேன். கைபேசிக்காரர்களுக்கும் ஆண்ட்ராய்டுக்கான வி.எல்.சி.யே போதுமானதாக இருந்தது.

எந்தப் பிளேயரும் திறக்காத கோப்புகள் உண்டு. பாதியில் நின்ற டவுன்லோடும், பூட்டு போட்டு விற்கப்படும் வீடியோவும் அப்படிப்பட்டவை. “இந்தப் படத்தைத் திறக்க இந்தப் பிளேயரை நிறுவுக” என்று தானே சொல்லும் கோப்பைத் திறக்க முயலாமல் அழித்துவிடுவது நல்லது.

முதல் குறை: படமே தடுமாறியது

வி.எல்.சி.யில் படம் திறந்தது, ஒலியும் வந்தது. ஆனால் யானைக் கூட்டம் ஓடும் காட்சிகளில் படம் ஓரிரு கணம் உறைந்து, பிறகு ஒலியைத் துரத்திப் பிடிப்பதுபோல் தாவியது. இதை உறுப்பினர்கள் ஒலித் தாமதம் என்று எண்ணி, ஒலியை முன்னும் பின்னும் நகர்த்தும் J, K விசைகளை அழுத்திப் பார்த்திருந்தார்கள். ஒரு காட்சியில் சரியானது அடுத்த காட்சியில் மாறியது. இப்படி நிலையில்லாமல் அலையும் தாமதம், பெரும்பாலும் ஒத்திசைவுக் குறையே அல்ல. கணினி படத்தை உரிய வேகத்தில் பிரித்தெடுக்க முடியாமல் திணறுவதன் அடையாளம்.

இதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வி.எல்.சி.யில் Ctrl+J அழுத்தி, திறக்கும் சாளரத்தில் Statistics என்னும் பக்கத்துக்குப் போனால், தவறவிட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கை அங்கே ஓடிக்கொண்டிருக்கும். அமைதியான காட்சியில் அந்த எண் அசையாமல் நின்றது; ஓட்டக் காட்சி வந்ததும் விறுவிறுவென ஏறியது. லேப்டாப் இன்டெல் நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது. எச்.இ.வி.சி. 10 பிட்டை வன்பொருளிலேயே பிரித்தெடுக்கும் வசதி ஏழாம் தலைமுறையிலிருந்துதான் முழுமையாக வருகிறது. ஆகவே அந்த வேலை முழுவதும் பிராசஸரின் தலையில் விழுந்திருந்தது.

வேறு லேப்டாப் கிடைக்காததால், எஃப்.எஃப்.எம்பெக் என்னும் மென்பொருளால் படத்தை மட்டும், பழைய கணினிக்கும் எளிதான எச்.264 முறைக்கு மாற்றி, ஒலியைத் தொடாமல் அப்படியே எடுத்துக்கொண்டேன். ஃப்ரேம் வேகம் மாறாததால் நேரக்கணக்கும் மாறாது.

```
ffmpeg -i yaanai.mkv -map 0:v:0 -map 0:a:0 -c:v libx264 -crf 20 -pix_fmt yuv420p -c:a copy yaanai_h264.mkv
```

பழைய கணினியில் இதற்குப் படத்தின் ஓட்ட நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கும் என்பதால் இரவில் ஓடவிட்டேன். மறுநாள் அதே ஓட்டக் காட்சியில் தவறிய ஃப்ரேம்களின் எண் அசையவில்லை.

அடுத்து, ஒலி படத்தோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. இதற்கு உதட்டசைவைவிட, அடி விழுவது கண்ணுக்குத் தெரியும் காட்சி மேலானது. படத்தில் ஒரு விவசாயி யானையை விரட்டத் தகர டப்பாவைக் கட்டையால் அடிக்கும் காட்சி இருந்தது. லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரிலேயே அதை ஓட்டினேன். கட்டை டப்பாவைத் தொடுவதும் ஓசையும் ஒன்றாகவே இருந்தன. கோப்பின் ஒலியில் குறை இல்லை என்பது உறுதியானது. இந்தச் சோதனையை முதலில் முடித்தாகவேண்டும். ஏனென்றால் சப்டைட்டில் சரியான நேரத்தில் வருகிறதா என்பதைக் காதால் கேட்டுத்தான் சொல்லப்போகிறோம். ஒலியே தள்ளியிருந்தால் அந்த அளவுகோலே பொய்யாகிவிடும்.

இரண்டாவது குறை: சப்டைட்டில்

சப்டைட்டில் எழுதிய உறுப்பினரைத் தொலைபேசியில் கேட்டபோது அவர் சொன்னது, நான் எதிர்பார்த்ததைவிடப் பயனுள்ளதாக இருந்தது: “அண்ணே, ஆரம்பத்துல லேட்டா வருது. நாலாவது நிமிஷம் வந்தா தானா சரியாயிடுது. அதுக்கப்புறம் எழுத்து முன்னாடி ஓட ஆரம்பிச்சுடுது, பிடிக்கவே முடியல.”

வி.எல்.சி.யில் H விசை சப்டைட்டிலைத் தள்ளிப்போடும், G விசை முன்னுக்குக் கொண்டுவரும். ஒவ்வொரு அழுத்தமும் 50 மில்லிவினாடி. அவர் தொடக்கத்தில் G விசையை விடாமல் அழுத்திச் சரிசெய்திருக்கிறார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி தவறிப்போயிருக்கிறது. மாறாமல் ஒரே அளவில் தள்ளியிருக்கும் சப்டைட்டிலுக்குத்தான் G, H விசைகள். அந்த வகைக் குறையாக இருந்திருந்தால் இன்னும் எளிய வழியும் உண்டு: வசனம் காதில் விழும் கணத்தில் Shift+H, அதே வரி திரையில் தோன்றும் கணத்தில் Shift+J, பிறகு Shift+K, இடைவெளியை வி.எல்.சி.யே கணக்கிட்டுச் சரிசெய்துவிடும். ஆனால் பின்தங்கி, பொருந்தி, பிறகு முந்தி ஓடும் சப்டைட்டிலில் இரண்டு பிழைகள் கலந்திருக்கின்றன: தொடக்கப் புள்ளி வேறு, ஓடும் வேகமும் வேறு. நான்காவது நிமிடத்தில் நேர்ந்த பொருத்தம், இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ரத்து செய்த தற்செயல்.

இதைப் பிரிக்க, படத்தின் தொடக்கத்துக்கு அருகில் ஒரு வசனம், முடிவுக்கு அருகில் ஒரு வசனம் என இரண்டு புள்ளிகள் போதும். எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. முதல் வசனம் ஒரு விவசாயி பேசுவது. படத்தில் அது 2 நிமிடம் 10 வினாடியில் ஒலிக்கிறது. சப்டைட்டில் இருக்கும் எஸ்.ஆர்.டி. கோப்பை நோட்பேடில் திறந்தால் அதே வரி இப்படி இருந்தது:

```
21
00:02:13,675 --> 00:02:16,900
ராத்திரி முழுக்கக் காவல்தான், தூக்கம் ஏது?
```

அதாவது எழுத்து ஏறத்தாழ 3.7 வினாடி தாமதம். இரண்டாவது வசனம் படத்தில் 1 மணி 24 நிமிடம் 30 வினாடியில் ஒலிக்கிறது. சப்டைட்டில் கோப்பிலோ 01:21:11,330 என்று இருந்தது. இங்கே எழுத்து மூன்று நிமிடத்துக்கும் மேலாக முந்திவிட்டது.

இனிக் கணக்கு எளிது. படத்தில் இரண்டு வசனங்களுக்கும் இடையே 4940 வினாடி. சப்டைட்டிலில் அதே இடைவெளி 4737.66 வினாடி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.0427 வருகிறது. வீடியோவோடு பழகியவர்களுக்கு இந்த எண் அறிமுகமானது, 25ஐ 23.976ஆல் வகுத்தாலும் இதுவே வரும். Ctrl+J சாளரத்தின் Codec பக்கத்தில் பார்த்தபோது நம் கோப்பின் வேகம் வினாடிக்கு 23.976 ஃப்ரேம் என்றே இருந்தது.

இந்த வேறுபாடு எப்படி வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சினிமா கேமராவில் வினாடிக்கு 24 ஃப்ரேம் என எடுக்கப்பட்ட படத்தை, PAL என்னும் தொலைக்காட்சி முறையைப் பின்பற்றிய இந்தியா, ஐரோப்பா போன்ற பகுதிகளுக்கான டிவிடியாக ஆக்கும்போது, பெரும்பாலும் 25 ஃப்ரேம் வேகத்தில் சற்று விரைவாக ஓடவிட்டுவிடுவார்கள். படம் நான்கு விழுக்காடு குறுகிவிடும். குரல்களும் கொஞ்சம் மெலிந்து கேட்கும். இணையத்தில் கிடைக்கும் பதிப்போ பெரும்பாலும் 23.976இல் இருக்கும். நம் உறுப்பினர் சப்டைட்டில் எழுதியது டிவிடியைப் பார்த்து. அவருடைய டிவிடி 1 மணி 32 நிமிடம் 13 வினாடி ஓடுகிறது. டவுன்லோட் செய்த கோப்பு 1 மணி 36 நிமிடம் ஓடுகிறது. ஓட்ட நேரங்கள் இரண்டையும் முதலிலேயே ஒப்பிட்டிருந்தால் பாதிச் சந்தேகம் அப்போதே தீர்ந்திருக்கும். வேகப் பிழையால் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை வினாடி விலகல் கூடிக்கொண்டே போகும். தொடக்கப் பிழைக்குக் காரணம், டிவிடியின் முகப்பில் விநியோகஸ்தரின் சின்னம் 9 வினாடி ஓடியதும், அது டவுன்லோட் பதிப்பில் இல்லாததும்.

திருத்துவதில் வரிசை முக்கியம்: முதலில் வேகம், பிறகு தொடக்கம். முதல் வசனத்தின் நேரமான 133.675 வினாடியை 1.04271ஆல் பெருக்கினால் 139.384 வருகிறது. அது 130இல் இருக்கவேண்டும். ஆகவே வேகத்தைச் சரிசெய்த பிறகு எல்லா வரிகளையும் 9.384 வினாடி முன்னுக்கு இழுக்கவேண்டும். டிவிடியின் 9 வினாடியும் பெருக்கப்பட்டுவிட்டதால்தான் இந்த எண் 9ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. கோப்பைத் தொடுவதற்கு முன் எம்.பி.வி.யில் இதை அப்படியே ஓட்டிப் பார்த்தேன்:

```
mpv --sub-file=yaanai.srt --sub-speed=1.04271 --sub-delay=-9.384 yaanai_h264.mkv
```

தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் வசனமும் எழுத்தும் ஒன்றாக வந்தன. நடு இடத்தைச் சோதிப்பதை விட்டுவிடக்கூடாது. இரண்டு முனைகளும் பொருந்தி நடுவில் மட்டும் பொருந்தாவிட்டால், ஒரு பதிப்பில் காட்சி வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். அப்போது வெட்டுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகத் திருத்தவேண்டியிருக்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

இனித் திருத்தத்தைக் கோப்பிலேயே பதிக்கவேண்டும். வி.எல்.சி.யில் செய்யும் தாமதத் திருத்தம் அந்த ஓட்டத்துக்கு மட்டுமே. படத்தை மூடித் திறந்தால் பூஜ்ஜியத்துக்குத் திரும்பிவிடும். சப்டைட்டில் எடிட் என்னும் இலவச மென்பொருளில் எஸ்.ஆர்.டி.யைத் திறந்து, Synchronization மெனுவில் Change frame rate என்பதில் 25இலிருந்து 23.976 என்று கொடுத்தேன். திசை மாறிவிட்டதா என்று அறியக் கடைசி வரியைப் பார்த்தால் போதும்: 1:31:40இல் இருந்த அது 1:35:35க்கு நகர்ந்தது. நேரம் கூடாமல் குறைந்திருந்தால் இரண்டு எண்களையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு அதே மெனுவில் உள்ள Adjust all times வழியாக 9.384 வினாடி முன்னுக்கு இழுத்தேன்.

சேமிக்கும்போது UTF-8 தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நோட்பேடில் ANSI என்று சேமித்த தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், மீட்கவும் முடியாது. எழுத்துகள் கட்டங்களாகத் தெரிந்தால் அது எழுத்துருக் குறை, வி.எல்.சி.யின் Subtitles / OSD அமைப்பில் Nirmala UI என்று மாற்றினால் சரியாகும். கோப்பின் பெயரைப் படத்தின் பெயரோடு ஒன்றாக்கி, yaanai_h264.srt என்று அதே ஃபோல்டரில் வைத்தேன், வி.எல்.சி. தானே எடுத்துக்கொள்ளும். பழைய எஸ்.ஆர்.டி.யை அழிக்கவில்லை, அந்த டிவிடிக்கு அதுதான் பொருந்தும்.

மூன்றாவது குறை: அரங்கில் தெரிந்தது

திரையிடல் நாளன்று டியூஷன் சென்டரின் கூடத்தில் எல்லாவற்றையும் இணைத்தபின், தகர டப்பாக் காட்சியை மறுபடி ஓட்டச் சொல்லியிருந்தேன். இந்த முறை கட்டை விழுந்து மேலெழத் தொடங்கிய பிறகே ஓசை கேட்டது. கோப்பில் குறை இல்லை என்று முன்பே உறுதி செய்திருந்ததால், இடையில் புதிதாக வந்தது எது என்பதை மட்டும் பார்த்தால் போதுமானதாக இருந்தது. கூடத்து ஸ்பீக்கர் புளூடூத்தில் இணைக்கப்பட்டிருந்தது. புளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுமுனையில் விரிப்பதற்குள் 150 முதல் 250 மில்லிவினாடி வரை போய்விடுவது சாதாரணம். ஒலி சற்றுப் பிந்துவதை மனிதக் காது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். தொலைக்காட்சி ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரையின்படி, 125 மில்லிவினாடியைத் தாண்டும்போது பார்ப்பவருக்கு அது தெரியத் தொடங்குகிறது. ஒலி முந்தினாலோ 45 மில்லிவினாடியிலேயே தெரிந்துவிடும்.

வயர் போட்டு இணைப்பதே முதல் தீர்வு. கூடத்தில் வயர் எட்டவில்லை என்பதால் J விசையை நாலு முறை அழுத்தச் சொன்னேன். திரையில் -200 ms என்று காட்டியது. டப்பாவும் ஓசையும் சேர்ந்தன. இது அலையாமல் நிலையாக நிற்கும் தாமதம். அதனால்தான் விசையால் தீர்ந்தது. சப்டைட்டில் படத்தின் நேரத்தைப் பின்பற்றுவதால், ஒலியை நகர்த்தியபோது அது இடம் மாறவில்லை, மாறவேண்டியதும் இல்லை.

கூடத்தில் உதவிய இளைஞர் ஒருவர், “இந்த 200ஐயும் ஃபைல்லயே போட்டுட்டா அடுத்த தடவை அழுத்த வேணாமே?” என்று கேட்டார். செய்ய முடியும், ஒலியை நகர்த்தி மறுபடி உறையிலிடும் கட்டளை எஃப்.எஃப்.எம்பெக்கில் உண்டு. ஆனால் அந்த 200 மில்லிவினாடி படத்துக்கு உரியதல்ல, அந்த ஸ்பீக்கருக்கு உரியது. கோப்பில் பதித்துவிட்டால், வயரில் இணைத்து ஓட்டும் நாளில் ஒலி முந்திக்கொண்டு வரும். ஆகவே கோப்பில் எதையும் மாற்றாமல், ஸ்பீக்கரின் மேல் ஒரு சீட்டில் “புளூடூத் என்றால் J நாலு முறை, வயர் என்றால் வேண்டாம்” என்று எழுதி ஒட்டச் சொன்னேன்.